முடிவு மரம் ஸ்கிரீன்ஷாட்: எனக்கு 17.04 வருகிறது, விடைத்தாளில் 21.04. எது சரி?

வித்யா_வேளச்சேரி

எல்லோருக்கும் வணக்கம். வேலை பார்த்துக்கொண்டே மாலை நேர எம்.பி.ஏ. படிக்கிறேன். எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு முடிவு மரத்தைப் படமெடுத்துப் போட்டிருந்தார்கள். அதன் ஸ்கிரீன்ஷாட்டை இணைத்திருக்கிறேன். தாளின் மடிப்பு விழுந்த இடத்தில் சில எண்கள் தெரியவில்லை. படம் திறக்காதவர்களுக்காகக் கீழே தட்டச்சும் செய்துவிட்டேன்.

கணக்கு இதுதான். சென்னையில் இட்லி மாவு பாக்கெட் விற்கும் ஒரு நிறுவனம் பெரிய யூனிட் போடலாம், அல்லது சின்ன யூனிட் போடலாம். இல்லாவிட்டால் முதலில் சில கடைகளில் சோதனை விற்பனை நடத்திப் பார்த்துவிட்டு, அப்புறம் பெரியதா சின்னதா என்று முடிவெடுக்கலாம். எல்லாத் தொகையும் லட்சம் ரூபாயில். சதுரம் வரைந்த இடங்களை [ ] என்று போட்டிருக்கிறேன், மற்றவை வட்டம்.

```
[1] பெரிய யூனிட்
      தேவை அதிகம் 0.6   50
      தேவை குறைவு 0.4  (30)
[1] சின்ன யூனிட்
      தேவை அதிகம் 0.6   20
      தேவை குறைவு 0.4    8
[1] சோதனை விற்பனை, செலவு 4
   முடிவு நல்லது 0.6 -> [2]
      பெரியது: அதிகம் 0.8  46, குறைவு 0.2  (34)
      சின்னது: அதிகம் 0.8  16, குறைவு 0.2    4
   முடிவு மோசம் 0.4 -> [3]
      பெரியது: அதிகம் ?    46, குறைவு 0.7? (34)
      சின்னது: அதிகம் ?    16, குறைவு 0.7?   4
```

மங்கிய எண்ணை 0.7 என்று எடுத்துக்கொண்டேன், அதனால் மேலே உள்ளது 0.3. சோதனைக் கிளைக்கு 21.04 வந்தது. அதிலிருந்து சோதனைச் செலவு 4 கழித்தால் 17.04. நேரடியாகப் பெரிய யூனிட் போட்டால் 18. ஆகவே பெரிய யூனிட்தான் சரி என்று எழுதினேன். விடைத்தாளில் "சோதனை விற்பனை, 21.04" என்று இருக்கிறது. விடைத்தாள் செலவைக் கழிக்க மறந்துவிட்டது என்று வகுப்பில் பாதிப் பேர் சொல்கிறார்கள். யாராவது பார்த்துச் சொல்ல முடியுமா?

தேன்மொழி

டிசிஷன் ட்ரீ என்றால் முதலில் தரவில் எந்த நெடுவரிசையை வைத்துப் பிரிக்கிறோம் என்று பார்க்க வேண்டும் வித்யா. ஜினியா, என்ட்ரோபியா? உங்களிடம் எத்தனை வரிசை தரவு இருக்கிறது? தரவு இருந்தால் பைத்தானில் sklearn போட்டு ஐந்து வரியில் முடித்துவிடலாம், கையால் போட வேண்டியதே இல்லை.

வித்யா_வேளச்சேரி

தேன்மொழி, இது அந்த மரம் இல்லை என்று நினைக்கிறேன். இதில் பயிற்சித் தரவு எதுவும் கிடையாது. நிகழ்தகவும் தொகையும் படத்திலேயே போட்டுக் கொடுத்துவிட்டார்கள், எந்தக் கிளையில் போவது என்பதுதான் கேள்வி.

அஷ்ரப்_ராயப்பேட்டை

நான் கணக்கர், அதனால் கண் முதலில் போனது அடைப்புக்குறி மேல். (30), (34) என்று இருப்பதை வித்யா சரியாக நஷ்டம் என்று எடுத்திருக்கிறார். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் தொழிலில் கழித்தல் குறி போட மாட்டோம், அடைப்புக்குறிதான். தெரியாதவர்கள் அதைக் கூட்டல் என்று படித்தால் பெரிய யூனிட்டின் மதிப்பு 18க்குப் பதில் 42 ஆகிவிடும். படம் சிறியதாக இருந்தால் அடைப்புக்குறியே மங்கிப் போய்விடவும் கூடும்.

எனக்கு இருக்கும் சந்தேகம் வேறு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த மங்கிய எண் 0.7 என்றும் படிக்கலாம், 0.1 என்றும் படிக்கலாம். மடிப்பு சரியாக அதன் தலையில் விழுந்திருக்கிறது. 0.7 என்றால் மேலே 0.3. 0.1 என்றால் மேலே 0.9. இரண்டுமே கூட்டினால் 1 வருகிறது. எதை வைத்து முடிவு செய்வது? 0.9 என்று வைத்தால் [3]-இல் பெரிய யூனிட்டின் மதிப்பு 38 வருகிறது, விடையே மாறிவிடும்.

பிரவீன்_ஓஎம்ஆர்

வேர் முனையிலிருந்து ஒவ்வொரு நுனிக்கும் போகும் பாதையை எடுங்கள். வழியில் உள்ள நிகழ்தகவுகளை எல்லாம் பெருக்குங்கள், நுனியில் உள்ள தொகையால் பெருக்குங்கள், எல்லாவற்றையும் கூட்டுங்கள். எதிர்பார்ப்பு மதிப்பு என்பது இவ்வளவுதான். [2], [3] சதுரங்களில் நிகழ்தகவு கொடுக்கவில்லை. கொடுக்காதபோது பெரியது, சின்னது இரண்டுக்கும் பாதிப் பாதி என்றுதான் எடுக்க வேண்டும். அப்படிப் போட்டால் சோதனைக் கிளைக்கு 12.6 வருகிறது. 18 அதைவிட அதிகம். ஆக வித்யாவின் முடிவு சரி, விடைத்தாள் தவறு.

லலிதா_நங்கநல்லூர்

வித்யா, விடைத்தாள் சரிதான். 21.04, சோதனை விற்பனை. ஆனால் உங்கள் கேள்விக்கு முன்னால் அஷ்ரப் சாரின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். எண்ணையே தவறாகப் படித்தால் அதற்குப் பிறகு எவ்வளவு சுத்தமாகக் கணக்குப் போட்டும் பயனில்லை. திட்ட மதிப்பீட்டுப் பிரிவில் வெகுகாலம் வேலை பார்த்தவள் நான். ஸ்கேன் செய்த தாளில் வரும் மரங்களை முதலில் இப்படித்தான் சோதிப்போம்.

ஒரு வட்டத்திலிருந்து கிளம்பும் கிளைகளின் கூட்டுத்தொகை 1 என்பது முதல் சோதனை. அது இங்கே போதவில்லை என்று சார் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் இந்த மரத்தில் இன்னொரு பிடி இருக்கிறது. சோதனை நடத்தினாலும் நடத்தாவிட்டாலும் ஊரில் உள்ள தேவை ஒன்றுதான். நேரடிக் கிளையில் "தேவை அதிகம்" என்பதற்கு 0.6 கொடுத்திருக்கிறார்கள். அப்படியானால் சோதனைக் கிளையிலும், முடிவு நல்லதாக வந்து தேவை அதிகமாக இருப்பது, முடிவு மோசமாக வந்தும் தேவை அதிகமாக இருப்பது, இந்த இரண்டையும் சேர்த்தால் அதே 0.6 வர வேண்டும்.

```
0.6 x 0.8 + 0.4 x 0.3 = 0.48 + 0.12 = 0.60
0.6 x 0.8 + 0.4 x 0.9 = 0.48 + 0.36 = 0.84
```

0.3 பொருந்துகிறது, 0.9 பொருந்தவில்லை. மடிப்பில் இருப்பது 0.7தான். எண்ணே போடாமலும் இதைப் பிடிக்கலாம். சோதனை மோசமாக வந்த பிறகு தேவை அதிகமாக இருக்கும் வாய்ப்பு 0.6-லிருந்து குறைய வேண்டும், 0.9-க்கு ஏறுவது பொருந்தாது.

இனி மரத்தை வலமிருந்து இடமாக மடிப்போம். வட்டம் வந்தால் சராசரி, சதுரம் வந்தால் அதிக மதிப்புள்ள கிளையை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடுவது.

```
[2] பெரியது: 0.8 x 46 - 0.2 x 34 = 30.0
    சின்னது: 0.8 x 16 + 0.2 x 4  = 13.6
[3] பெரியது: 0.3 x 46 - 0.7 x 34 = -10.0
    சின்னது: 0.3 x 16 + 0.7 x 4  = 7.6
சோதனை: 0.6 x 30 + 0.4 x 7.6 = 21.04
```

நேரடியாகப் பெரியது 18, நேரடியாகச் சின்னது 15.2. இதுவரை வித்யா போட்டதும் இதேதான் என்பது தெரிகிறது.

பிரவீன், சதுரத்தில் நிகழ்தகவு கொடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. அங்கே முடிவெடுப்பது நாம். சோதனை மோசமாக வந்துவிட்டது, பெரிய யூனிட் போட்டால் சராசரியில் 10 லட்சம் போகும் என்று தெரிகிறது. அப்போதும் நாணயத்தைச் சுண்டி பாதிப் பாதியாக முடிவெடுக்கிற முதலாளியைத்தான் உங்கள் 12.6 காட்டுகிறது. சோதனை நடத்துவதே அந்த இடத்தில் பெரியதை விட்டு விலகத்தானே?

இப்போது அந்த 4. நேரடிக் கிளைகளின் நுனிகளையும் சோதனைக் கிளையின் நுனிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 50க்கு எதிரே 46. (30)க்கு எதிரே (34). 20க்கு எதிரே 16. 8க்கு எதிரே 4. ஒரே யூனிட், ஒரே தேவை, ஆனால் நான்கிலும் சரியாக 4 குறைகிறது. மரத்தை வரைந்தவர் சோதனைச் செலவை நுனியிலேயே கழித்துவிட்டார். கிளையின் மேல் "செலவு 4" என்று எழுதியது விவரத்துக்காக. நீங்கள் அதை மறுபடி கழித்ததால் 17.04 ஆனது. சின்ன வித்தியாசம் போலத் தெரிந்தாலும் 18 நடுவில் நிற்பதால் முடிவே புரண்டுவிட்டது.

வித்யா_வேளச்சேரி

மிக்க நன்றி மேடம். நுனிகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்று வகுப்பில் யாருக்குமே தோன்றவில்லை. ஒரு கேள்வி. இந்தக் கணக்கில் நேரடிக் கிளையும் இருந்ததால் ஒப்பிட முடிந்தது. ஒப்பிட எதுவும் இல்லாத மரத்தில் நுனியில் செலவு கழிந்திருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

லலிதா_நங்கநல்லூர்

கேள்வியின் வாசகத்தில்தான் தேட வேண்டும். "நிகர லாபம்" என்று நுனியைக் குறிப்பிட்டிருந்தால் வழியில் உள்ள செலவெல்லாம் கழிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். "வருமானம்" என்று இருந்தால் கழியவில்லை. எதுவும் சொல்லாமல் கிளையின் மேல் மட்டும் செலவைப் போட்டிருந்தால், கழிக்கப்படவில்லை என்று ஒரு வரியில் எழுதி வைத்துவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள். திருத்துபவருக்கு நீங்கள் எந்த அனுமானத்தில் போட்டீர்கள் என்று தெரிய வேண்டும்.

நான் இன்னொன்றும் செய்வேன். நுனிகளில் 4ஐத் திருப்பிக் கூட்டி, செலவில்லாத மரமாக ஒருமுறை போட்டுப் பார்ப்பேன். [2]-இல் 34, [3]-இல் 11.6, சோதனைக்கு 25.04. கடைசியில் ஒரே ஒருமுறை 4 கழித்தால் 21.04. இரண்டு வழியிலும் ஒரே எண் வந்தால் செலவு ஒருமுறைதான் கழிந்திருக்கிறது என்று நிச்சயம். இந்த வழியில் இன்னொரு எண்ணும் கையில் கிடைக்கிறது. 25.04-லிருந்து 18ஐக் கழித்தால் 7.04. இந்தச் சோதனைக்கு 7.04 லட்சம் வரை செலவழிக்கலாம், அதைத் தாண்டினால் நேரடியாகப் போவதே மேல்.

பிரவீன்_ஓஎம்ஆர்

சதுரத்தில் பாதிப் பாதி கூடாது என்பது புரிகிறது. ஆனால் பாதை வாரியாகப் பெருக்கும் முறையே தவறா? நிரல் எழுதுவதற்கு அது மிகவும் வசதி.

லலிதா_நங்கநல்லூர்

முறை தவறில்லை, வரிசைதான் மாறியிருந்தது. முதலில் மடித்து, வேண்டாத கிளைகளை வெட்டிவிடுங்கள். "நல்லது என்றால் பெரியது, மோசம் என்றால் சின்னது" என்ற திட்டம் மட்டும் மிஞ்சும். அதில் சதுரமே இல்லை, நான்கு நுனிகள்தான். இப்போது பாதை வாரியாகப் பெருக்குங்கள்.

```
0.6 x 0.8 = 0.48 ->  46
0.6 x 0.2 = 0.12 -> -34
0.4 x 0.3 = 0.12 ->  16
0.4 x 0.7 = 0.28 ->   4
```

நிகழ்தகவுகள் கூட்டினால் 1. தொகையால் பெருக்கிக் கூட்டினால் 22.08 - 4.08 + 1.92 + 1.12, அதாவது 21.04. மடித்து வந்த விடையைச் சரிபார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அதோடு 21.04 என்ற ஒற்றை எண் மறைத்துவிடும் ஒன்றை இந்தப் பட்டியல் காட்டுகிறது. நேரடியாகப் பெரிய யூனிட் போட்டால் 30 லட்சம் நஷ்டமாகும் வாய்ப்பு நூற்றுக்கு 40. சோதனை நடத்திப் போட்டால் நஷ்டமாகும் வாய்ப்பு நூற்றுக்கு 12, ஆனால் அந்த நஷ்டம் 34 லட்சம்.

மணி_அம்பத்தூர்

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். நான் மாவு வியாபாரம்தான் செய்கிறேன், அம்பத்தூர் பக்கம். உங்கள் கணக்கு எல்லாம் சரியாக இருக்கலாம். எனக்கு இரண்டு விஷயம் உறுத்துகிறது.

ஒன்று, சோதனை விற்பனை எந்த மாதத்தில்? அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கே மழை. குளிரில் மாவு மெதுவாகத்தான் பொங்கும். கடையில் கரண்ட் போனால் ஃப்ரிட்ஜில் இருக்கும் பாக்கெட் புளித்துத் திரும்பி வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் வண்டியே போக முடியவில்லை. அந்த மாதிரி நேரத்தில் சோதனை நடத்தினால் எவ்வளவு நல்ல மாவும் தோற்றுப்போகும். வாங்க ஆள் இல்லாததால் தோற்றது என்று சொல்ல முடியுமா?

இரண்டாவது, அந்த 0.6 எங்கிருந்து வந்தது? என் தொழிலில் எனக்கு யாரும் 0.6 என்று எழுதிக் கொடுப்பதில்லை.

லலிதா_நங்கநல்லூர்

மணி சார், இரண்டும் இந்தக் கணக்கின் அடிவேரில் இருக்கும் கேள்விகள். உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அது தெரிந்தால் முதலாவது சுலபம்.

0.6 எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்குப் பதிலாக, அது எவ்வளவு இருந்தால் முடிவு மாறும் என்று கேட்கலாம். தேவை அதிகமாக இருக்கும் வாய்ப்பை p என்று வையுங்கள். சோதனை இல்லாமல் பெரிய யூனிட்டுக்கு 80p - 30, சின்ன யூனிட்டுக்கு 12p + 8. இரண்டும் சமமாகும் இடம் p = 38/68, சுமார் 0.56. அதற்கு மேலே பெரியது, கீழே சின்னது.

கொடுத்திருக்கும் 0.6 இந்த 0.56-க்கு ஒட்டி நிற்கிறது. யாரோ ஒருவர் கொஞ்சம் உற்சாகமாக மதிப்பிட்டிருந்தாலே நேரடி முடிவு தலைகீழாகிவிடும். சோதனை இங்கே ஏன் அவ்வளவு மதிப்புள்ளது என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. முடிவு நல்லதாக வந்தால் p 0.8-க்கு ஏறுகிறது, மோசமாக வந்தால் 0.3-க்கு இறங்குகிறது. 0.56 என்ற கோட்டின் இரண்டு பக்கமும் தெளிவாகத் தள்ளிவிடுகிறது. மோசமான முடிவு வந்த பிறகும் p 0.57-லேயே நின்றிருந்தால் அப்போதும் பெரிய யூனிட்தான் போடுவோம். எந்த முடிவு வந்தாலும் செய்யப்போவது ஒன்றே என்றால் அந்தச் சோதனைக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுக்கக் கூடாது.

இப்போது உங்கள் மழை. மழையில் நடத்தினால் தேவை உண்மையில் அதிகமாக இருந்தாலும் முடிவு மோசமாகவே வரும் வாய்ப்பு கூடுகிறது. ஒரு உதாரணத்துக்கு, முடிவு நல்லதாக வரும் வாய்ப்பு 0.6-லிருந்து 0.4 ஆகிறது என்று வைப்போம். நல்லதாக வந்தால் தேவை அதிகமாக இருக்கும் வாய்ப்பு முன்போலவே 0.8 இருக்கட்டும். மொத்தத்தில் 0.6 வர வேண்டும் என்பதால், மோசமான முடிவுக்குப் பின் உள்ள வாய்ப்பு 0.3 இல்லை, ஏறக்குறைய 0.47. அதாவது, மழையில் தோற்றதை வைத்து நாம் முன்போல அவ்வளவு மனம் தளரத் தேவையில்லை என்று கணக்கே சொல்கிறது.

செலவில்லாத மரத்தில் போட்டால், நல்ல முடிவில் பெரியது 34, மோசமான முடிவில் சின்னது 13.6.

```
0.4 x 34 + 0.6 x 13.6 = 13.6 + 8.16 = 21.76
21.76 - 4 = 17.76
```

நேரடியாகப் பெரியது 18. ஆகவே இந்த எண்களுக்கு மழைக்காலச் சோதனை அதற்கான செலவுக்குத் தகுதியில்லை. 4 லட்சம் கொடுத்து 3.76 லட்சம் மதிப்புள்ள தகவல் வாங்குகிறோம். அதே சோதனையைப் பிப்ரவரியில் நடத்தினால் 7.04 லட்சம் மதிப்பு. 0.4 என்பது நான் வைத்துப் பார்த்த எண்தான், உங்கள் அனுபவத்தில் அது வேறாக இருக்கலாம். ஆனால் எந்தத் திசையில் போகும் என்பதில் சந்தேகமில்லை.

வித்யா_வேளச்சேரி

தேர்வில் இப்படிக் கேட்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன், ஆனாலும் இதைப் படித்த பிறகுதான் 0.3, 0.8 எல்லாம் எதற்காக அங்கே இருக்கின்றன என்று புரிகிறது. இதுவரை அவற்றைப் பெருக்க வேண்டிய எண்களாக மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சின்னச் சந்தேகம். சோதனை மோசமாக வந்தால் எதுவுமே போடாமல் விட்டுவிடலாமே? அந்தக் கிளை படத்தில் இல்லை.

லலிதா_நங்கநல்லூர்

படத்தில் இல்லாவிட்டாலும் மனதில் சேர்த்துப் பார்ப்பது நல்ல பழக்கம். விட்டுவிட்டால் சோதனைச் செலவு மட்டும் போகும், அதாவது -4. சின்ன யூனிட் 7.6 தருகிறது, அதனால் இங்கே முடிவு மாறாது. சின்ன யூனிட்டின் இரண்டு நுனிகளும் லாபத்தில் இருப்பதால்தான் இப்படி. பெரிய யூனிட் மட்டும் உள்ள மரமாக இருந்திருந்தால் அந்தக் கிளை இல்லாமல் கணக்கே தவறாகப் போயிருக்கும். -10 என்ற எண்ணை ஏற்றுக்கொண்டு இடது பக்கம் கொண்டு வந்திருப்போம்.

அஷ்ரப்_ராயப்பேட்டை

லலிதா மேடத்தின் கணக்கில் ஒரு எண்ணைக்கூட நான் மறுக்கவில்லை. ஆனால் முடிவில் எனக்கு உடன்பாடு இல்லை.

சராசரி 21.04 என்பது இதே மாதிரிப் பல முடிவுகளைத் திரும்பத் திரும்ப எடுக்கும் பெரிய நிறுவனத்துக்குச் சரி. ஒன்றில் போனால் இன்னொன்றில் வரும். என்னிடம் கணக்கு எழுதக் கொடுக்கிறவர்கள் அப்படி இல்லை. வீட்டை அடமானம் வைத்து ஒரே ஒரு யூனிட் போடுகிறவர்கள். அவர்களுக்கு 34 லட்சம் போனால் அடுத்த முறை என்று ஒன்று கிடையாது. நூற்றுக்கு 12 என்பது எட்டில் ஒன்றுக்குப் பக்கம், அதை நான் சின்னதென்று சொல்ல மாட்டேன். நேரடியாகச் சின்ன யூனிட் போட்டால் 20 அல்லது 8. எந்த நிலையிலும் நஷ்டம் இல்லை. சராசரி 15.2 என்றாலும் நான் அவர்களிடம் அதைத்தான் சொல்வேன்.

லலிதா_நங்கநல்லூர்

அஷ்ரப் சார், உங்கள் வாடிக்கையாளருக்கு நீங்கள் சொல்வது தவறென்று நான் சொல்ல மாட்டேன். கேள்வி "எதிர்பார்ப்பு மதிப்பின்படி எது சிறந்தது" என்று கேட்டால் விடை சோதனை விற்பனை. 34 லட்சத்தைத் தாங்க முடியாதவருக்கு அந்த அளவுகோலே பொருந்தாது.

ஆனால் நடுவில் ஒரு திட்டம் இருக்கிறது, அதையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பெரிய யூனிட்டை ஒரே மூச்சில் போடாமல், சின்னதைப் போட்டுவிட்டுத் தேவை தெரிந்த பிறகு விரிவாக்குவது. சின்ன யூனிட்டே அப்போது சோதனையாகவும் ஆகிவிடுகிறது. இந்தப் படத்தில் அதற்குக் கிளை இல்லை, விரிவாக்கச் செலவும் கொடுக்கவில்லை. அதனால் இதைவிட அது மேலா கீழா என்று என்னால் சொல்ல முடியாது.

அஷ்ரப்_ராயப்பேட்டை

விரிவாக்கம் என்றால் இடம் வேண்டும் மேடம். சென்னையில் பக்கத்துக் கட்டடம் நமக்காகக் காலியாகக் காத்திருக்காது. பிறகு விரிவாக்கலாம் என்று நினைத்துத் தொடங்கி, கடைசியில் இரண்டு இடத்தில் வாடகை கொடுத்துக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். அந்தச் செலவையும் போட்டால் உங்கள் நடுத் திட்டம் அவ்வளவு கவர்ச்சியாக இருக்காது. இதில் நான் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

பிரவீன்_ஓஎம்ஆர்

இரண்டையும் சேர்த்துப் பார்க்க வழி இருக்கிறதே. நஷ்ட வாய்ப்பு இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று முதலில் ஒரு வரம்பு வைத்து, அதற்குள் வரும் திட்டங்களில் சராசரி அதிகமானதை எடுக்கலாம். நூற்றுக்கு 15 வரை தாங்குவேன் என்றால் சோதனைத் திட்டம், நூற்றுக்கு 10தான் என்றால் நேரடியாகச் சின்ன யூனிட்.

அஷ்ரப்_ராயப்பேட்டை

வரம்பு 15ஆ 10ஆ என்பதை யார் சொல்வது தம்பி? அதைச் சொல்லிவிட்டால் மீதிக் கணக்கு எனக்கும் தெரியும்.

மணி_அம்பத்தூர்

மேடம், p எவ்வளவு இருந்தால் முடிவு மாறும் என்று சொன்னீர்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. என் கதையைச் சொல்கிறேன். இரண்டு ஹோட்டல்களுக்கு மொத்தமாக மாவு கொடுக்கிறேன். ஒரு பெரிய டில்டிங் கிரைண்டரும் குளிர் அறையும் போடலாமா என்று யோசனை. ஹோட்டல் ஆர்டர் தொடர்ந்தால் அடுத்த இரண்டு வருடத்தில் எல்லாச் செலவும் போக 12 லட்சம் நிற்கும். ஆர்டர் போய்விட்டால் மெஷினை விற்றது போக 6 லட்சம் நஷ்டம். எதுவும் வாங்காமல் இப்படியே ஓட்டினால், ஆர்டர் இருந்தாலும் போனாலும், சில்லறைக் கடைகளையும் வைத்து 3 லட்சம் வந்துவிடும். எனக்கு எவ்வளவு p வேண்டும்?

லலிதா_நங்கநல்லூர்

```
12p - 6(1 - p) = 3
18p = 9
p = 0.5
```

இரண்டு ஹோட்டலும் தொடரும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்று நீங்கள் நம்பினால் வாங்கலாம், கீழே என்றால் வேண்டாம். ஆனால் ஒன்று கேட்கிறேன். இரண்டில் ஒரு ஹோட்டல் மட்டும் போய்விட்டால் என்ன ஆகும்? உங்கள் கணக்கில் அந்தக் கிளை இல்லை. "தொடரும்", "போய்விடும்" என்ற இரண்டு மட்டும் இருக்கிறது. நடுவில் உள்ளதுதான் நடக்க அதிக வாய்ப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த நிலையில் கையில் நிற்கும் தொகையைச் சொன்னால் மூன்று கிளையாகப் போட்டுத் தருகிறேன்.

மணி_அம்பத்தூர்

ஒன்று மட்டும் போனால் ஏறக்குறைய கையைக் கடிக்காமல் நிற்கும், லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. இரண்டில் ஒன்றின் ஒப்பந்தம் ஏப்ரலில் புதுப்பிக்க வேண்டும். அவர்கள் இன்னும் வாய் திறக்கவில்லை.

லலிதா_நங்கநல்லூர்

அப்படியானால் நடுக் கிளையின் தொகை 0. இரண்டும் தொடர்வது 0.5, ஒன்று போவது 0.4, இரண்டும் போவது 0.1 என்று உதாரணத்துக்கு வைத்தால் 6 + 0 - 0.6 = 5.4. இது 3-ஐ விட அதிகம், வாங்கலாம். இரண்டும் தொடர்வது 0.3, ஒன்று போவது 0.5, இரண்டும் போவது 0.2 என்றால் 3.6 - 1.2 = 2.4, வேண்டாம். உங்கள் எண்ணை நீங்கள்தான் போட வேண்டும்.

அப்புறம், ஏப்ரல் வரை காத்திருப்பதும் ஒரு கிளைதான். புதுப்பிக்கிறார்களா என்று தெரிந்த பிறகு வாங்கினால், அதுவே காசு கொடுக்காமல் கிடைக்கும் சோதனை முடிவு. காத்திருக்கும் மாதங்களில் போகிற லாபம் எவ்வளவு, மெஷின் விலை அதற்குள் ஏறுமா, இந்த இரண்டையும் விசாரித்துவிட்டு இங்கேயே போடுங்கள். அதை வைத்து மரத்தை முழுதாக வரையலாம்.

மணி_அம்பத்தூர்

டீலரிடம் நாளைக்கு விலை கேட்கிறேன். வித்யா, உங்கள் இழையில் நடுவில் புகுந்துவிட்டேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வித்யா_வேளச்சேரி

பரவாயில்லை அண்ணா, விலை தெரிந்ததும் போடுங்கள். இந்த மரத்தை நானும் போட்டுப் பார்க்கிறேன். வகுப்புக் குழுவில் 50-46 ஒப்பீட்டை அனுப்பிவிட்டேன். விடைத்தாள் தவறு என்று சொன்னவர்களில் ஒருவர் மட்டும் இன்னும் 17.04 என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். செலவில்லாத மரத்தையும் போட்டு அனுப்பப் போகிறேன்.